தமிழ் கொஞ்சம்தான் தெரியும் என்பவரிடம் முதல் நாள் பேசுவது எப்படி? திருப்பூர் கம்பெனி வாசலுக்கான வழிகாட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆள் சேர்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று எங்கிருந்து வந்தாலும் வாசலில் முதலில் வரவேற்றுப் பேசுவது என் பொறுப்பு. தமிழே தெரியாமல் வருபவரோடு பெரும்பாலும் ஊர்க்காரர் ஒருவர் துணைக்கு வருவார். அவர் வழியாகப் பேசிக்கொள்ளலாம். ஏற்கெனவே சில மாதங்கள் எங்கேயாவது வேலை பார்த்து, "தமிழ் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே தனியாக வந்து நிற்பவரிடம்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் நாம் நிம்மதியாகி நம் வேகத்துக்குப் போய்விடுகிறோம். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். மறுநாள் தவறான நேரத்துக்கு வருகிறார், வேறு காகிதத்தைக் கொண்டுவருகிறார், சனிக்கிழமை சம்பளத்தைப் பார்த்துவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று கிளம்பிவிடுகிறார்.

புதிதாக இந்த வேலைக்கு வந்த சூப்பர்வைசர்களுக்கும், சிறு யூனிட் வைத்திருப்பவர்களுக்கும், வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கும் இது பயன்படும். முதல் பேச்சுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால் மீதியை அந்த வாரம் முழுக்கச் செலுத்த வேண்டியிருக்கும்.

1. நேரத்தையும் இடத்தையும் முதலில் சரிசெய்யுங்கள்

தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸில் ஏறி வருபவர் இரண்டு இரவுகளை ரயிலில் கழித்துவிட்டுத் திருப்பூரில் இறங்குகிறார். பொதுப்பெட்டியில் வந்திருந்தால் உட்கார்ந்தபடியே வந்திருப்பார். அந்த நிலையில் சொந்த மொழியில் பேசினாலே பாதிதான் ஏறும். வந்த அன்று வரவேற்பு மட்டும் போதும்: பெயர், தண்ணீர், சாப்பாடு, ரூம். காகிதம், சம்பளம், விதிமுறை எல்லாம் மறுநாள்.

மறுநாளும் மெஷின் ஓடும் ஹாலுக்குள் நின்று பேச வேண்டாம். ஓவர்லாக் மெஷின்கள் வரிசையாக ஓடும் இடத்தில் நமக்கு நம் ஆள் பேசுவதே உதட்டைப் பார்த்துத்தான் பிடிபடுகிறது. அங்கே நாம் கத்துவோம். கத்தினால் சொல் தெளிவாகாது, திட்டுவது போலத்தான் கேட்கும். அலுவலக அறையோ, வாசலுக்கு வெளியே மர நிழலோ, டீக்கடை பெஞ்சோ போதும். முகக்கவசம் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பேசுங்கள். மொழி குறைவாகத் தெரிந்தவர் காதால் கேட்பதில் பாதியை உங்கள் வாயைப் பார்த்துத்தான் உறுதிசெய்துகொள்கிறார்.

2. வணக்கமும் பெயரும்

"வணக்கம், வாங்க" என்று ஆரம்பியுங்கள். இளைஞராக இருந்தால் "வாங்க தம்பி". வயதில் சிறியவர்தானே என்று "வா" வேண்டாம். அவர் தமிழை உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ளப் போகிறார். "வா, போ, எடு, வை" என்று மட்டுமே கேட்டுப் பழகியவர், நாளை முதலாளியின் அம்மாவையும் "வா" என்றுதான் கூப்பிடுவார். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. இந்தியிலும் நீ, நீங்கள் போன்ற படிகள் உண்டு என்பதால், தன்னை எந்தப் படியில் வைத்துப் பேசுகிறார்கள் என்பதை அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார். நம் கொங்குப் பக்கத்தில் எதற்கும் "ங்க" போட்டுப் பேசுவது இங்கே பெரிய வசதி. எதைப் பின்பற்றினாலும் அவர் தவறிப்போக மாட்டார்.

"வடக்கன்" என்ற சொல்லை அவர் வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டிருப்பார். யாரைப் பற்றி, எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். அவர் முன்னால் வேறு யாரிடமாவது பேசும்போதும் அது வேண்டாம்.

அடுத்தது பெயர். முதலில் உங்கள் பெயரை, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், பிறகு அவர் பக்கம் கையைத் திறந்து காட்டி, "உங்க பேரு?" இரண்டே சொல். அவர் சொன்ன பெயரைத் திருப்பிச் சொல்லி, சரியா என்று அவர் முகத்தைப் பாருங்கள். இப்படிச் செய்தால் ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் முதல் நிமிடத்திலேயே உருவாகிவிடுகிறது. பின்னால் அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லும்போது அது பரீட்சை போலத் தோன்றாது.

வெளிமாநிலத்தவர் என்றாலே இந்தி என்று எடுத்துக்கொண்டு, தெரிந்த நாலு இந்திச் சொற்களை அவிழ்த்துவிடுவது பலருக்கு வழக்கம். ஒடிசாக்காரர் பேசுவது ஒடியா, வங்கத்தவர் பேசுவது வங்காளம். ஜார்க்கண்டிலிருந்து வருபவருக்குச் சந்தாலியோ முண்டாரியோ தாய்மொழியாக இருக்கலாம். அவர்களில் பலர் வணக்கத்துக்கு "ஜோஹார்" என்பார்கள். இந்தி அவருக்கும் இரண்டாவது மொழி, உங்களுக்கும் அரைகுறை என்றால் பேச்சு எங்கே போய் நிற்கும்? தமிழ் கொஞ்சம் தெரியும் என்று அவரே சொன்ன பிறகு தமிழிலேயே பேசுங்கள். அவர் மொழியில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது அழகு.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்கலாம். வங்கத்திலும் பீகாரிலும் அதையே நலம் விசாரிப்பாகக் கேட்கிறார்கள், அதனால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் வந்த முதல் நாளில் அவர் "இல்லை" என்று சொன்னால் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யத் தயாராக இருந்துகொண்டு கேளுங்கள்.

பெண் தொழிலாளர்கள் வந்தால் முடிந்தவரை ஒரு பெண்ணே வரவேற்கட்டும். செக்கிங் பகுதியில் இருக்கும் அக்கா ஒருவரை அழைத்தால் போதும். ஆண்கள் சூழ நின்றால் தெரிந்த தமிழும் வாயில் வராது.

3. மெதுவாகப் பேசுவது என்றால் இழுத்துப் பேசுவது அல்ல

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். மெதுவாகப் பேசச் சொன்னால் நாம் உயிரெழுத்துகளை இழுக்கிறோம். தமிழில் குறிலை இழுத்தால் அது நெடில் ஆகிவிடும், சொல்லே மாறிவிடும். "பீஸைக் கட்டுங்க" என்பதை இழுத்துச் சொன்னால் "காட்டுங்க" என்று கேட்கும். கட்டு போட வேண்டியவர் ஒரு பீஸை எடுத்து உங்கள் முகத்துக்கு நேரே பிடிப்பார். "பத்து" என்பதை இழுத்தால் "பாத்து". பத்து பீஸ் கேட்ட இடத்தில், பார்த்துச் செய்யச் சொல்கிறீர்கள் என்று அவர் மெஷினை மெதுவாக ஓட்டுவார். நமக்குப் பின்னணி தெரிவதால் இந்தக் குழப்பம் வருவதில்லை. ஒடியாவும் வங்காளமும் பேசி வளர்ந்தவர்களின் காதில் நம் குறில் நெடில் வேறுபாடு பழகியிருக்காது. ஏற்கெனவே மங்கலாக இருக்கும் எல்லையை நாம் இழுத்துப் பேசி அழித்துவிடுகிறோம்.

எனவே சொல்லை அதன் இயல்பான நீளத்திலேயே சொல்லுங்கள். மெதுவாக வேண்டியது சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளிதான். பேச்சுத் தமிழில் நாம் ஒரு வாக்கியத்தை ஒரே சொல்லாக ஒட்டிவிடுகிறோம். "ஆதாரெடுத்துக்கிட்டிங்கவந்துடுங்க" என்பதில் எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று புதியவருக்குத் தெரியாது. அவருக்கு "ஆதார்" தெரியும், "எடு" தெரியும், "இங்கே" தெரியும், "வா" தெரியும். நான்கும் தெரிந்திருந்தும் சேர்த்துச் சொன்னால் எதுவும் தெரியாது. இதையே இப்படி வெட்டுங்கள்:

"ஆதார் எடுங்க." நிறுத்துங்கள். அவர் எடுக்கும்வரை காத்திருங்கள். "இங்கே வாங்க."

ஒரு வாக்கியத்தில் ஒரு வினை. "வந்துட்டு", "எடுத்துக்கிட்டு", "பண்ணிட்டு இருந்து" போன்ற தொடர்களை வெட்டினாலே பேச்சு தானாகவே மெதுவாகிவிடும்.

சொல்லி முடித்த பிறகு மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அவர் கேட்டதைத் தன் மொழிக்குக் கொண்டுபோய், பதிலை அங்கே செய்து, தமிழுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்த இடைவெளி நமக்குச் சங்கடமாக இருப்பதால் இரண்டாவது நொடியிலேயே வேறு சொற்களில் மறுபடி கேட்கிறோம். அப்போது அவர் முதல் கேள்வியையும் விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடிக்க ஓடுகிறார். மறுபடி கேட்கத்தான் வேண்டும் என்றால் அதே சொற்களில், அதே வரிசையில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால்தான் சொல்லை மாற்ற வேண்டும்.

4. எளிய சொல் என்பது உடைந்த தமிழும் அல்ல, மேடைத் தமிழும் அல்ல

மெதுவாகப் பேசும்போது இரண்டு பக்கமும் சறுக்கலாம். சிலர் "நீ போ அங்கே, வேலை செய், சாப்பாடு அப்புறம்" என்று விகுதிகளை உதிர்த்துவிட்டுப் பேசுகிறார்கள். கேட்பவருக்கு இது எளிதாக இருக்கும் என்ற எண்ணம். உண்மையில் யார், எப்போது என்பதைச் சொல்லும் பகுதியே விகுதிதான். அதை எடுத்துவிட்டால் அவர் ஊகிக்க வேண்டியது அதிகமாகிறது. வேறு சிலர், முக்கியமாகப் படித்தவர்கள், திடீரென்று "நீங்கள் எப்பொழுது வந்தீர்கள்?" என்று புத்தகத் தமிழுக்கு ஏறிவிடுகிறார்கள். அவர் தமிழைக் கற்றது ரூமிலும் லைனிலும் மளிகைக்கடையிலும். அவருக்குத் தெரிந்தது "எப்ப வந்தீங்க?" என்பதுதான். பேசும் தமிழையே முழு விகுதியோடு பேசுங்கள்.

அவரும் தினமும் பயன்படுத்தும் பொதுச் சொற்கள் ஏராளம். டூட்டி, ரூம், போன், நம்பர், கார்டு, மெஷின், பீஸ், சைஸ், டாமேஜ். இந்த இடங்களில் தூய தமிழ் தேடுவது அவருக்குத் தண்டனை. "பணிநேரம்" என்பதைவிட "டூட்டி டைம்" அவருக்கு உடனே விளங்கும்.

இனி எதிர்மறை. இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் கையில் ஊசி ஏறுவது இதனால்தான். இந்தியில் "இல்லை" என்பதற்கான தனிச் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்பே வந்துவிடும்; கேட்பவர் முன்கூட்டியே சுதாரித்துக்கொள்கிறார். தமிழில் அது வினைக்குள்ளேயே, கடைசியில் ஒளிந்திருக்கிறது. "தொடாதீங்க" என்பதில் அவர் காதில் முதலில் விழுவது "தொடு". "தெரியாது" என்பதில் "தெரியும்" என்பதன் முக்கால்வாசி இருக்கிறது. எனவே முன்னால் ஒரு மறுப்புச் சொல்லைத் தனியாக நிறுத்திச் சொல்லுங்கள்: "வேண்டாம். தொடாதீங்க." கூடவே கையை அசைத்துக் காட்டுங்கள். ஓடும் மெஷின், ஸ்டீம் அயர்ன், சுவிட்ச் போர்டு பற்றிச் சொல்லும்போது இதைக் கட்டாயமாகச் செய்யுங்கள்.

எதிர்மறைக் கேள்வியையும் விட்டுவிடுங்கள். "நாளைக்கு வர மாட்டீங்களா?" என்று கேட்டு அவர் "ஆமா" என்றால், வருவாரா மாட்டாரா? நமக்குள்ளேயே இது குழப்பும். "நாளைக்கு வருவீங்களா?" என்றே கேளுங்கள்.

நாம், நாங்கள் என்ற வேறுபாடும் இந்தியிலும் வங்காளத்திலும் கிடையாது. "நாங்க டீ குடிக்கப் போறோம்" என்று சொன்னால் கிளம்பி உங்களோடு வருவார். "நாம போகலாம்" என்றால் உட்கார்ந்தே இருப்பார். அழைப்பதாக இருந்தால் "நீங்களும் வாங்க" என்று சொல்லிவிடுங்கள், சந்தேகம் இருக்காது.

5. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்

அதற்கு ஒரே பதில்தான் வரும். வேலை வேண்டி வந்திருப்பவர், சம்பளம் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் புரியவில்லை என்று சொல்ல மாட்டார். நீங்களும் நானும் வங்கி மேலாளர் முன்னால் அப்படித்தான் தலையாட்டுகிறோம்.

பதிலாக, செய்து காட்டும்படியோ எண்ணாகச் சொல்லும்படியோ கேளுங்கள். "நாளைக்கு எத்தனை மணி?" "ரூம் எங்கே? கை காட்டுங்க." "எந்தக் கார்டு வேணும்? எடுங்க." தவறாக எடுத்தால் அது நல்ல செய்தி, ஏனென்றால் இப்போதே தெரிந்துவிட்டது.

புரியாதபோது தெரியும் அறிகுறிகள் சில உண்டு. நீங்கள் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே "சரி, சரி" வந்துவிடும். உங்கள் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்வார். சிரிப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். இவற்றில் எதைக் கண்டாலும் மேலே போக வேண்டாம். முந்தைய வாக்கியத்துக்குத் திரும்புங்கள்.

6. ஆவணங்களைப் பேச்சுக்குள் கொண்டுவருதல்

கேட்க வேண்டியவை குறைவுதான்: ஆதார் அட்டை, வங்கி பாஸ்புக், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், போன் எண். ஏற்கெனவே வேறு கம்பெனியில் பி.எப். பிடித்திருந்தால் 12 இலக்க யு.ஏ.என். எண்ணும், இ.எஸ்.ஐ. எண்ணும். ஒவ்வொன்றின் மாதிரியையும் மேஜையில் வையுங்கள். உங்களுடையதையே எடுத்துக் காட்டினால் போதும். "பாஸ்புக்" என்று மூன்று முறை சொல்வதைவிட ஒரு முறை காட்டுவது விரைவானது.

ஆதார் அட்டையைப் பேச்சுத் துணையாகவும் பயன்படுத்தலாம். அதில் ஆங்கிலத்தோடு அந்த மாநில மொழியிலும் பெயர் இருக்கும். தலைக்கோட்டில் தொங்கும் எழுத்தென்றால் இந்தியோ வங்காளமோ அசாமியமோ. வட்டம் வட்டமாகத் தலை வளைந்த எழுத்தென்றால் ஒடியா. அட்டை எந்த மாநிலத்தில் எடுத்தது என்பதற்குத்தான் இது அடையாளம், வீட்டில் என்ன பேசுகிறார் என்பதற்கு உறுதி அல்ல. ஆனாலும் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைக்க வேண்டிவந்தால் யாரை அழைப்பது என்று தெரிந்துகொள்ளலாம்.

வழக்கமான பொறிகள் இவை. முதலாவது, பெயர். நம்மைப் போல முதலெழுத்து வைக்கும் பழக்கம் அங்கே இல்லை. "இனிஷியல் என்ன?" என்று கேட்டால் விழிப்பார், அல்லது எதையாவது சொல்லி வைப்பார், அதையும் எழுதிவிடுவோம். ஆதாரில் உள்ளதை எழுத்து மாறாமல் பார்த்து எழுதுங்கள். பாஸ்புக்கில் வேறு மாதிரி இருந்தால் இரண்டையும் அருகருகே வைத்து, விரலால் இரண்டு இடத்தையும் தொட்டு, "இது வேற. இது வேற. பேங்க் போகணும்" என்று சொல்லுங்கள். பி.எப். பதிவுக்கு ஆதாரோடு பெயர் பொருந்த வேண்டும் என்பதால் இதை அன்றே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, போன் எண். "உங்க போன் நம்பர்?" என்று கேட்டால் கையில் இருக்கும் எண்ணைத்தான் சொல்வார். ஆதாரோடு இணைத்த எண் ஊரிலுள்ள அண்ணனிடமோ அப்பாவிடமோ இருக்கக்கூடும், ஓ.டி.பி. அங்கே போய் நிற்கும். "இந்த நம்பர்" என்று போனையும், "இந்த ஆதார்" என்று அட்டையையும் காட்டி, "ஒண்ணா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊருக்கு போன் போட்டு, அந்த எண்ணை வைத்திருப்பவர் தயாராக இருக்கும் நேரத்தில் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, அசல் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வது. அதைச் செய்யவே வேண்டாம். நகலெடுத்துவிட்டு உடனே கையில் கொடுத்து, "இது உங்க கிட்ட" என்று சொல்லுங்கள். மொழி தெரியாத ஊரில் தன் அட்டை உள்ளே போய்க் கதவு மூடினால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் ஒரு சொல்லும் அவர் காதில் ஏறாது. நகலுக்கும் புகைப்படத்துக்கும் ஆகும் சில ரூபாயைக் கம்பெனியே ஏற்றுக்கொள்வது நல்லது. முதல் நாளே பணம் கேட்டால் அது எதற்கு என்று விளக்குவதற்கு அந்தப் பணத்தைவிட அதிக நேரம் போகும்.

7. மணியையும் பணத்தையும் வாயால் மட்டும் சொல்லாதீர்கள்

எண்கள் அவருக்குத் தெரியும் என்பார். ஒன்று முதல் பத்துவரை தெரிந்திருக்கும். ஆனால் திருப்பூரில் பல கம்பெனிகளில் ஷிப்ட் தொடங்குவது எட்டரைக்கு. "எட்டரை" என்பதில் அவர் பிடிப்பது "எட்டு". அந்த "அரை" தனிச் சொல்லாக நிற்காமல் ஒட்டிக்கொண்டிருப்பதால் காதில் நிற்காது. பணத்திலும் இதே கதை. முன்னூறு, மூவாயிரம், அறுநூறு, ஆறாயிரம், தொண்ணூறு, தொள்ளாயிரம். பத்து மடங்கு வித்தியாசம் ஒரு குறில் நெடிலிலும் ஓர் ஓசையிலும் தொங்குகிறது.

எழுதிக் காட்டுங்கள். 8.30 என்று எண்ணால் எழுதினால் எந்த மாநிலத்தவருக்கும் புரியும். போனில் அலாரத்தை அவரையே வைக்கச் சொல்வது இன்னும் உறுதி.

"நேத்து", "நாளைக்கு" இரண்டிலும் எச்சரிக்கை தேவை. இந்தியில் இரண்டுக்கும் "கல்" என்ற ஒரே சொல். வங்காளத்திலும் ஒடியாவிலும் கிட்டத்தட்ட இப்படித்தான், முன்னால் ஓர் அடைமொழி சேர்த்துப் பிரிப்பார்கள். அதனால் தமிழில் எது எது என்று நெடுநாள் தடுமாறுவார்கள். "நேத்து வரேன்" என்றால் கேலி செய்யாமல் காலண்டரை எடுத்து, இன்றைய தேதியில் விரல் வைத்து, பிறகு நாளைய தேதிக்கு நகர்த்துங்கள்.

சம்பளப் பிடித்தத்தை முதல் சனிக்கிழமைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தொழிலாளியின் பங்காக இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமும் பி.எப்.புக்கு 12 சதவீதமும் பிடிக்கிறோம். சதவீதம் என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: நாளுக்கு 500 ரூபாய் என்றால், 500 × 6 = 3,000. கீழே பி.எப். 360. அதன் கீழே இ.எஸ்.ஐ. 22.50. கோடு போட்டு 2,617.50. பிறகு 360 மேல் விரல் வைத்து, "இது உங்க பணம். பி.எப்.ல இருக்கு." இ.எஸ்.ஐ. மேல் விரல் வைத்து, "இது ஆஸ்பத்திரிக்கு. உடம்பு சரியில்லைன்னா போகலாம்." கடைசி எண்ணின் மேல், "இது கைக்கு. சனிக்கிழமை." அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். ரூமுக்குப் போய்ப் பழைய ஆள் ஒருவரிடம் காட்டி அவர் சரிபார்த்துக்கொள்வார். அப்படிச் சரிபார்ப்பது உங்களுக்கும் நல்லது. ரூம் வாடகை, சாப்பாட்டுச் செலவு ஏதேனும் பிடிப்பதாக இருந்தால் அதுவும் அதே தாளில் இருக்க வேண்டும். பின்னால் சேர்க்கும் எந்த வரியும் திருட்டாகத்தான் தெரியும்.

8. ஒரு பேச்சு, முழுதாக

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்து இளைஞர் ஒருவர் அயர்னிங் ஹெல்பர் வேலைக்கு வந்தார். முன்பு சூரத்தில் விசைத்தறியில் இருந்தவர்; திருப்பூரில் வேறு இடத்தில் சில மாதங்கள் வேலை பார்த்திருந்தார். அவரிடம் பேசியது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம். வாங்க தம்பி. உட்காருங்க." (உட்காரும்வரை பேச்சில்லை.)

பெயர் பரிமாறிக்கொண்டோம்.

"எந்த ஊரு?" "ஒடிசா. கஞ்சம்." "நமஸ்கார்." அவர் முகம் மலர்ந்தது. ஒடியாவில் ஏதோ சொன்னார். "எனக்கு ஒடியா தெரியாது" என்று கையை விரித்தேன். இருவரும் சிரித்தோம்.

"டீ குடிங்க." (டீ வந்தது. அவர் குடித்து முடிக்கும்வரை காகிதங்களை எடுக்கவில்லை.)

"முன்னாடி என்ன வேலை?" பதில் இல்லை. எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். அதே சொற்களில் மறுபடி கேட்டேன். பிறகு சொல்லை மாற்றினேன்: "பழைய கம்பெனி. என்ன வேலை?" உடனே கையால் அயர்ன் தேய்த்துக் காட்டினார். "முன்னாடி" என்பது அவருக்கு இடத்தைக் குறிக்கும் சொல்லாக மட்டுமே தெரிந்திருந்தது போலும். முதலில் அவர் திரும்பி வாசலைப் பார்த்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

"நாளைக்கு டூட்டி." காலண்டரில் விரல். "8.30" என்று தாளில். "எத்தனை மணி?" "எட்டு... முப்பது." "சரி." அவருக்கு வந்த அந்த "எட்டு முப்பது" போதும். "எட்டரை" என்று திருத்தவில்லை. "எட்டு முப்பதுக்கு வாங்க" என்று அவர் சொல்லையே நானும் பயன்படுத்தினேன்.

அயர்ன் டேபிள் அருகே கூட்டிப்போய், "வேண்டாம். கை வைக்காதீங்க. சூடு." அவரே தன் கையைப் பின்னால் இழுத்துக் காட்டி, "வைக்காது" என்றார். அது தவறான விகுதிதான். பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. "ஆமா, வைக்காதீங்க" என்று சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துச் சொன்னேன். பேச்சை நிறுத்தித் திருத்தினால், அடுத்த முறை அவர் வாயைத் திறக்கவே யோசிப்பார்.

9. விடைபெறுவதும் அடுத்த வாரமும்

கிளம்பும்போது நாம் "போயிட்டு வரேன்" என்கிறோம். புதியவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அலுவலக வாசலிலேயே காத்திருப்பார். "இன்னைக்கு முடிஞ்சது. நாளைக்கு பார்க்கலாம்" என்று சொல்லிக் கை கூப்பினால் அவரும் கிளம்பிவிடுவார்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அதே வணக்கத்தை அதே சொற்களில் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் அதோடு ஒரே ஒரு புதுக் கேள்வி போதும்: "தூங்கினீங்களா?", "ரூம் நல்லா இருக்கா?" லைன் சூப்பர்வைசரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அவர் நீங்கள் சொன்னதற்கு மாறான சொற்களை அதே பொருளுக்குப் பயன்படுத்தினால் புதியவர் இரண்டையும் இழப்பார். நீங்கள் "பீஸ்" என்றதை அவர் "உருப்படி" என்று சொல்ல வேண்டாம்.

எப்போது வேகத்தைக் கூட்டலாம்? நீங்கள் கேட்காததை அவராகச் சொல்லத் தொடங்கும்போது. "அண்ணா, ஊசி உடைஞ்சிருச்சு" என்று தானாக வந்து நிற்பவரிடம் இடைவெளிகளைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் சம்பளத் தாளையும் மெஷின் எச்சரிக்கையையும் மட்டும், அவர் எவ்வளவு நன்றாகத் தமிழ் பேசினாலும், முதல் மூன்று மாதங்களுக்கு எழுதியும் காட்டியுமே சொல்லுங்கள்.